கை லிவர் வைத்தால் எலக்ட்ரானிக் காரில் எரர் வருமா?

“விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே அசைவில்லை, கைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. ஸ்டார்ட் பட்டன், குரூஸ் கண்ட்ரோல், லேன் அசிஸ்ட் எல்லாம் உள்ள ஆட்டோமேட்டிக் கார் வாங்கப் போகிறேன். பிரேக், ஆக்சிலரேட்டருக்குக் கை லிவரும், ஸ்டீயரிங்கில் குமிழும் வைக்க வேண்டும். ‘எலக்ட்ரானிக் வண்டி சார், எரர் வரும்’ என்கிறார் ஷோரூம்காரர். ஒரு மெக்கானிக்கோ, ஒயரை வெட்டி ஸ்டீயரிங்கிலேயே ஆக்சிலரேட்டர் வளையம் வைத்துத் தருகிறேன் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?”
— வாசகர், திருப்பூர்

இரண்டு பேச்சையும் கேட்க வேண்டாம். ராடு வைத்துப் பெடலைத் தள்ளும் சாதாரண லிவரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு பட்டை, அதில் லிவர், அதிலிருந்து பிரேக் பெடலுக்கு ஒரு ராடு, ஆக்சிலரேட்டருக்கு ஒரு ராடு. முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் ஆக்சிலரேட்டர். இதில் ஒரு ஒயர்கூட வெட்டுப்படாது. பெடலை அழுத்துவது காலா, கம்பியா என்று காரின் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தும்போது பிரேக்கை மிதிக்கச் சொல்லும் அல்லவா? லிவரைத் தள்ளிப் பிடித்தால் போதும், பெடல் இறங்கும், வண்டி கிளம்பும்.

அப்படியானால் ஷோரூம்காரர் சொன்னது முழுப் பொய்யா? இல்லை. எரர் வரும் வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் காரணம் லிவர் அல்ல, அதைப் பொருத்திய விதம். கையை எடுத்த பிறகு இரண்டு பெடலும் முழுசாகப் பழைய இடத்துக்கே திரும்பி வர வேண்டும். இந்த வேலையில் பாதிப் பிரச்சினை இதில்தான்.

பிரேக் பெடலின் தண்டுக்கு மேல்புறம் கட்டைவிரல் அளவில் ஒரு சுவிட்ச் இருக்கும். பெடல் மேலே இருக்கும்போது தண்டு அதன் சின்ன முனையை அழுத்திக்கொண்டிருக்கும். பெடல் சில மில்லிமீட்டர் இறங்கினாலே முனை வெளியே வரும், பிரேக் போட்டாயிற்று என்று காருக்குத் தகவல் போய்விடும். பின்பக்கச் சிவப்பு விளக்கு மட்டும் அல்ல. ஸ்டார்ட் பட்டன், கியரை ‘பார்க்’கிலிருந்து எடுக்க விடும் பூட்டு, குரூஸை அணைக்கும் கட்டளை எல்லாமே இந்தச் சுவிட்சை நம்பித்தான் இருக்கின்றன. பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒன்றாக அழுத்தப்பட்டால் எஞ்சின் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு பல கார்களில் உண்டு. அதற்கும் இதே தகவல்தான் ஆதாரம்.

ஒரு வண்டியைச் சொல்கிறேன். வேறொரு இடத்தில் லிவர் பொருத்திய ஒருவர், குரூஸ் பிடிக்கவே இல்லை, மைலேஜும் விழுந்துவிட்டது என்று கொண்டுவந்தார். ஸ்கேனர் போட்டதில் P0504 வந்தது. பிரேக் சுவிட்சின் இரண்டு தொடர்புகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாத தகவல் தருகின்றன என்று அதற்குப் பொருள். சுவிட்ச் போய்விட்டது, மாற்றுங்கள் என்று முன்பே யாரோ சொல்லி, புதுசும் போட்டிருந்தார்கள். நான் வண்டியைச் சுவரை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்தச் சொன்னேன். லிவரைத் தொடாமல் பார்த்தால் சுவரில் சிவப்பு வெளிச்சம் மங்காமல் விழுந்துகொண்டிருந்தது. பிரேக் ராடின் நட்டைத் தளர்த்தினேன், வெளிச்சம் போய்விட்டது. ராடு 3 மில்லிமீட்டர் நீளம் கூடுதல், அவ்வளவுதான்.

பொருத்தியவர் அளவெடுத்தது சரிதான் என்பதுதான் வேடிக்கை. அவர் அளந்தபோது ஸ்டீயரிங் உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. வீட்டுக்குப் போன பிறகு உரிமையாளர் தன் வசதிக்கு அதைக் கீழே இறக்கிக்கொண்டார். லிவரின் பட்டை ஸ்டீயரிங் தண்டோடு இறுகியிருந்ததால் அதுவும் கூடவே இறங்கி, ராடு பெடலை ஓயாமல் தள்ளிக்கொண்டிருந்தது. பிரேக் லேசாக உரசியபடியே ஓடினால் மைலேஜ் விழாமல் என்ன செய்யும்? எனவே முதலில் சீட், ஸ்டீயரிங் உயரம் இரண்டையும் உங்கள் உடம்புக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் ராடை அளக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு அந்த உயரத்தை மாற்றக் கூடாது.

ஆக்சிலரேட்டர் பக்கமும் இதே கதைதான். இப்போதைய கார்களில் அந்தப் பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே கேபிள் கிடையாது. பெடலுக்குள் இரண்டு சென்சார்கள் உட்கார்ந்து, எவ்வளவு அழுத்தினீர்கள் என்று தனித்தனியே சொல்லும். ராடு பெடலைத் துளி அழுத்திப் பிடித்திருந்தால், ஓட்டுபவர் லேசாக மிதித்துக்கொண்டே இருக்கிறார் என்றுதான் கம்ப்யூட்டர் நினைக்கும். நின்றிருக்கும்போது எஞ்சின் சத்தம் கூடும். பிரேக்கை விட்டதும் வண்டி வழக்கத்தைவிட வேகமாக நகரும். சோதிப்பது சுலபம். ஓ.பி.டி. ஸ்கேனரில் ஆக்சிலரேட்டர் பெடல் அளவைத் திறந்து, ராடைக் கழற்றிய நிலையில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பல கார்களில் அது 0 ஆக இருக்காது, 15 சதவீதம் போலக் காட்டும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ராடை மாட்டிய பிறகும் அதே எண் வர வேண்டும், அதுதான் கணக்கு. இந்தச் சோதனையைக் கால் மேட்டைப் போட்டுவைத்தே செய்யுங்கள். மேட் இல்லாமல் பொருத்திவிட்டு, பிறகு தடித்த மேட் வாங்கிப் போட்டதால் ராடு சிக்கிக்கொண்ட வண்டியும் உண்டு.

இனி அந்த வளையம். ஸ்டீயரிங்கை ஒட்டிய வளையத்தை விரலால் அழுத்தி வேகம் கொடுப்பது நல்ல ஏற்பாடுதான். தோள் வலி உள்ளவர்களுக்கு மிக வசதி. ஆனால் அது பெடலுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே புகுந்து, சென்சார் போல நடிக்க வேண்டும். நான் சொன்ன இரண்டு சென்சார்களில் பல கார்களில் ஒன்றின் மின்னழுத்தம் மற்றதைவிடப் பாதியாக இருக்கும். ஒன்று 0.8 வோல்ட் என்றால் இன்னொன்று 0.4. இந்த விகிதம் குலைந்தால் கம்ப்யூட்டர் உடனே P2138 என்ற எரரைப் போட்டு, வண்டியை நகர்ந்து போகும் வேகத்துக்குக் குறைத்துவிடும். லாரி பின்னால் வரும்போது நெடுஞ்சாலையில் அப்படி ஆனால் என்னவாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதற்கென்றே தயாரான கருவிகள் இரண்டு தனித்தனிச் சிக்னல்களைக் கொடுக்கும், கோளாறு வந்தால் தானே எஞ்சினை ஐடிலுக்கு இறக்கும், காரின் சொந்த இணைப்பானிலேயே மாட்டும். ஒயரை வெட்ட வேண்டியதே இல்லை. உங்கள் மெக்கானிக் ஒயரை வெட்டித்தான் செய்வேன் என்று சொல்லும்போதே பதில் கிடைத்துவிட்டது. வாரண்டி தகராறும் அந்த வெட்டிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

ஸ்டீயரிங் குமிழுக்கு வருவோம். லிவரை வலது பக்கம் வைத்து, குமிழை இடது கைக்கு, கடிகாரத்தில் 10 மணி இருக்கும் இடத்தில் வைக்கச் சொல்வேன். நம் ஊர் வண்டியில் கியர் இடது பக்கம்; நின்ற பிறகு வலது கை பிரேக்கைப் பிடித்திருக்க, குமிழை விட்ட இடது கை கியரை மாற்றலாம். உச்சியில் 12 மணி இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். ஏர்பேக் வெடித்தால் கை நேராக முகத்துக்குத்தான் வரும். கிளாம்ப் வளையத்தை மட்டும் பிடிக்க வேண்டும், நடுவிலுள்ள ஏர்பேக் மூடியைத் தொடவே கூடாது. முழங்கால் ஏர்பேக் உள்ள காரா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். லிவரின் பட்டை வரும் இடமும் அதுவும் ஒன்றுதான்.

லேன் அசிஸ்ட், கை ஸ்டீயரிங்கில் இருக்கிறதா என்று ஓயாமல் பார்க்கும். பார்க்கும் விதம் இரண்டு. முதலாவது, ஸ்டீயரிங் தண்டில் உள்ள சென்சார் உங்கள் கை கொடுக்கும் சின்னத் திருப்பு விசையை உணர்வது. குமிழைப் பிடித்து ஓட்டினாலும் இது வேலை செய்யும். இரண்டாவது, வளையத்தின் தோலுக்கு அடியில் தொடு உணரி இருப்பது. இதில்தான் சிக்கல். நீங்கள் பிடித்திருப்பது பிளாஸ்டிக் குமிழ், வளையத்தை அல்ல. கை இருக்கும்போதே ‘கையை வையுங்கள்’ என்று கத்தும். சுண்டு விரலையோ உள்ளங்கை ஓரத்தையோ வளையத்தில் படவைத்தால் அடங்கும். அதை ஏமாற்ற வளையத்தில் எடை கட்டித் தொங்கவிடும் வேலை மட்டும் வேண்டாம். டெஸ்ட் டிரைவில் ஒரு தற்காலிகக் குமிழை மாட்டி ஓட்டிப் பாருங்கள், உங்கள் கார் எந்த ரகம் என்று பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மோதல் தவிர்ப்பு பிரேக் உள்ள காரில் இன்னொன்று பழக வேண்டும். கார் தானாகப் பிரேக் போடும்போது சில வண்டிகளில் பெடலும் கூடவே உள்ளே இறங்கும். ராடு இணைந்திருப்பதால் லிவர் கையிலிருந்து நழுவி முன்னால் ஓடும். பயந்து பின்னுக்கு இழுக்காதீர்கள், இழுத்தால் அது ஆக்சிலரேட்டர். சில கார்களில் அந்த இழுப்பை, ‘நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று நீங்கள் சொன்னதாக எடுத்துக்கொண்டு தானியங்கிப் பிரேக்கை விட்டுவிடும். லிவரோடு சேர்ந்து கையையும் முன்னால் தள்ளுங்கள். ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது லிவர் கடகடவென்று அதிரும். அப்போதும் தள்ளிய கையை எடுக்கக் கூடாது.

இடுப்புப் பிடிமானம் குறைவு என்றால் இதையும் சொல்ல வேண்டும். பிரேக் போட்டால் உடம்பு முன்னால் சாயும், கை இன்னும் தள்ளும், பரவாயில்லை. ஆனால் வண்டி சட்டென்று பாய்ந்தால் உடம்பு பின்னால் போகும், கை இன்னும் இழுக்கும், வேகம் இன்னும் கூடும். காலியான மைதானத்தில் பழகும்போது இதைச் சோதியுங்கள். உடம்பு ஆடுகிறது என்றால், இழுப்பதற்குப் பதில் மடிப்பக்கமாகக் கீழே அழுத்தி வேகம் கொடுக்கும் லிவரைக் கேளுங்கள். தசை இழுப்பு வந்து கால் தானாக உதைக்கும் பழக்கம் உண்டென்றால், பெடல்களுக்கு முன் கழற்றி மாட்டும் தடுப்புத் தகடும் அவசியம்.

ஆர்.டி.ஓ. வேலையைப் பொருத்துவதற்கு முன்பே தொடங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி இந்த மாற்றத்துக்கு அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிய வேண்டும். லைசென்ஸும் மாற்றுத்திறனாளிக்கு ஏற்றபடி மாற்றிய வாகனம் என்ற வகையில்தான் வரும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

வண்டியை எடுக்கும் நாளில் எஞ்சின் ஓடும்போதே லிவரை முழுப் பலத்தோடு தள்ளிப் பாருங்கள். முழங்கை முழுசாக நீளும் முன்பே பிரேக் இறுகிவிட வேண்டும், லிவர் டேஷ்போர்டிலோ தொடையிலோ இடிக்கக் கூடாது. அப்புறம் கையை எடுத்துவிட்டு, கூட வந்தவரைப் பின்னால் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு விளக்கு அணைந்திருந்தால் பணத்தைக் கொடுக்கலாம்.