காயிலில் 7 ஆம்ப்ஸ், லைனில் 12 ஆம்ப்ஸ்: இந்த வாரக் கேள்வி-பதில்

லாங்கு பஜாரில் கரண்ட் அளக்கும் புது டாங் டெஸ்டர் வாங்கினேன். மூன்று ஃபேஸ் கேபிளை மொத்தமாகச் சுற்றிப் பிடித்தால் 0 காட்டுகிறது. மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.
– வாசகர், சத்துவாச்சாரி

கடைக்காரர் சொல்வது சரி. மூன்று ஒயரையும் சேர்த்துப் பிடித்தால், சமமான லோடில் மூன்று கரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு 0 தான் வரும். ஒயர் ஒயராகப் பிடியுங்கள். பெட்டிக்குள் ஒரு தாள் மடித்து வைத்திருப்பார்கள், அதையும் பிரித்துப் பாருங்கள்.

ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் தங்கும் லாட்ஜ் நடத்துகிறேன். 9 கிலோவாட் மூன்று ஃபேஸ் வாட்டர் ஹீட்டர் வாங்கினேன், டெல்டா கனெக்‌ஷன். எலக்ட்ரீஷியன் டாங் டெஸ்டர் வைத்துப் பார்த்தால் 7.2 ஆம்ப்ஸ்தான் வருகிறது. √3 × 415 × 7.2 போட்டால் 5.2 கிலோவாட். 9 என்று சொல்லி 5 கிலோவாட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள். வழக்குப் போடலாமா?
– லாட்ஜ் உரிமையாளர், வேலூர்

வழக்கு இருக்கட்டும். முதலில் டாங் டெஸ்டரை எந்த ஒயரில் பிடித்தார் என்று உங்கள் எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். ஹீட்டர் மூடியைத் திறந்து, காயிலுக்குப் போகும் ஒயரில் பிடித்திருப்பார். அங்கே 7.2 வந்தால் ஹீட்டர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

டெல்டா என்றால் மூன்று காயிலும் முக்கோணமாகச் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு காயிலும் இரண்டு லைனுக்கு நடுவே இருப்பதால், அதன் மேல் விழுவது முழு லைன் வோல்டேஜ், 415. மொத்தம் 9 கிலோவாட் என்றால் காயிலுக்கு 3 கிலோவாட். 3000-ஐ 415-ஆல் வகுத்தால் 7.23 ஆம்ப்ஸ். காயிலுக்குள் ஓடும் இதுதான் ஃபேஸ் கரண்ட்.

இப்போது வெளியே வாருங்கள். மெயினிலிருந்து வரும் ஒவ்வொரு ஒயரும் முக்கோணத்தின் ஒரு மூலையில் முடிகிறது. அந்த மூலையில் இரண்டு காயில் தொடங்குவதால், ஒரே ஒயர் இரண்டு காயிலுக்கும் கரண்ட் கொடுக்க வேண்டும். அப்படியானால் 7.23-ம் 7.23-ம் சேர்ந்து 14.46 வர வேண்டாமா? வராது. இரண்டு காயிலின் கரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவதில்லை. ஒன்று ஏறும்போது மற்றது முந்தியோ பிந்தியோ இருக்கும். அந்த மூலையில் சேரும்போது இரண்டுக்கும் இடையே 60 டிகிரி கோணம். அதனால் கூட்டுத்தொகை 2 × 7.23 × cos 30°, அதாவது 7.23-ஐப் போல 1.732 மடங்கு. 12.5 ஆம்ப்ஸ். இது லைன் கரண்ட்.

மொத்த பவரை இரண்டு வழியில் போடலாம். காயில் பக்கத்திலிருந்து போட்டால் 3 × 415 × 7.23. லைன் பக்கத்திலிருந்து போட்டால் √3 × 415 × 12.5. இரண்டும் 9,000 வாட்டில் வந்து நிற்கும். ஹீட்டர் என்பதால் பவர் ஃபேக்டர் 1, அதைத் தனியாகப் பெருக்க வேண்டியதில்லை. மோட்டாராக இருந்தால் பெருக்கியே ஆக வேண்டும். நீங்கள் √3-ஐ எடுத்துக்கொண்டு, அதோடு காயில் கரண்டைச் சேர்த்துவிட்டீர்கள். √3 வந்தால் லைன் கரண்ட், 3 வந்தால் ஃபேஸ் கரண்ட். இதை மாற்றி 3-ஐயும் 12.5-ஐயும் சேர்த்து, 'இது 15 கிலோவாட் இழுக்கிறது, பில் எகிறும்' என்று கடையில் சண்டை போட்டவர்களும் உண்டு.

மெயின் ஸ்விட்சிலிருந்து வரும் ஒயரில் பிடித்துப் பாருங்கள், 12.5-க்கு அக்கம்பக்கம் வரும். வோல்டேஜையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள். சாயங்கால வேளையில் 380-க்கு இறங்கியிருந்தால் லைனில் 11.5 ஆம்ப்ஸ்தான் வரும், பவரும் ஏழரை கிலோவாட்தான். அதற்குக் கடைக்காரர் பொறுப்பில்லை. டாங் டெஸ்டரின் தாடை முழுசாக மூடுகிறதா என்றும் பாருங்கள். தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று நான் வாங்கிய ஒன்றில் தாடை ஒரு நூல் இடைவெளி விட்டே நிற்கும். 12 ஆம்ப்ஸை 10 என்று காட்டும். இப்போது அது பேப்பர் பறக்காமல் இருக்க மேசை மேல் கிடக்கிறது.

அதே மாதிரி 9 கிலோவாட் ஹீட்டருக்கு, 'ஒரு காயிலுக்கு 7 ஆம்ப்ஸ்தான்' என்று கடையில் 10 ஆம்ப்ஸ் எம்.சி.பி. கொடுத்தார்கள். அடிக்கடி டிரிப் ஆகிறது. ஹீட்டர் கோளாறா?
– வாசகர், குடியாத்தம்

எம்.சி.பி. நிற்பது லைனில், காயிலில் இல்லை. அங்கே 12.5 ஆம்ப்ஸ் போகிறது. 16 ஆம்ப்ஸ், த்ரீ போல் வாங்குங்கள். ஒயரும் அதற்குத் தாங்குமா என்று பார்த்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.

வீட்டு முன்பக்கத்தில் நானும் மனைவியும் மெஸ் நடத்துகிறோம். போன மாதம் வாங்கிய 9 கிலோவாட் டெல்டா ஹீட்டரில் தண்ணீர் சூடாக ரொம்ப நேரம் ஆகிறது. மெயின் லைனில் பார்த்தால் R-ல் 12.5, Y-யில் 7.2, B-யில் 7.2. வோல்டேஜ் மூன்றிலும் 415. 'ஈ.பி. லைன் சரியில்லை, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது' என்கிறார்கள்.
– வாசகர், ராணிப்பேட்டை

உங்களுக்குத்தான் அநியாயம் நடந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய மூன்று எண்ணிலேயே சாட்சி இருக்கிறது.

மூன்று காயிலும் உயிரோடு இருந்தால் மூன்று லைனிலும் ஒரே கரண்ட் வர வேண்டும். R-ல் 12.5 வருகிறது என்றால், R மூலையில் சேரும் இரண்டு காயிலும் வேலை செய்கின்றன. Y-யிலும் B-யிலும் வெறும் 7.2, அதாவது ஒரே ஒரு காயிலின் கரண்ட். Y-க்கும் B-க்கும் நடுவே இருக்கும் காயில் அறுந்திருக்கிறது. கூடுதலாகக் காட்டும் லைனுக்கு எதிர்ப்பக்கத்தில் உள்ளதுதான் போன காயில். உங்களுக்குக் கிடைப்பது 6 கிலோவாட், காசு கொடுத்தது 9-க்கு.

ஈ.பி. மேல் பழி போடுவதும் நிற்காது. ஒரு ஃபேஸ் போயிருந்தால் அந்த லைனில் 0 காட்டும், மற்ற இரண்டிலும் 10.8 வரும். உங்கள் கணக்கு அப்படி இல்லை.

மெயினை அணைத்துவிட்டு, காயில்களைச் சேர்க்கும் பட்டைகளைக் கழற்றி, ஒவ்வொரு காயிலையும் மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல காயில் 57 ஓம் அளவில் காட்டும். போனது எதுவும் காட்டாது. பட்டையைக் கழற்றாமல் பார்த்தால் மற்ற காயில் வழியாகவும் அளவு வந்துவிடும், குழப்பம்தான் மிஞ்சும். அந்த அளவுகளைப் படம் எடுத்து, பில் நகலோடு கடைக்கு எழுத்து மூலமாக அனுப்புங்கள். வாயால் பேசியது போதும். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 'வணிகத்துக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை' என்று மிரட்டுவார்கள். பிழைப்புக்காகத் தானே உழைத்து நடத்தும் சுயதொழிலை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கம் என்று எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். நீங்கள் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம்.

கிணற்றுக்கு 10 ஹெச்.பி. மோட்டாரும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரும் ஒரே கடையில் வாங்கினேன். அவர்கள் ஆள் வந்துதான் மாட்டினார். தகட்டில் 7.5 கிலோவாட், 415 வோல்ட், 14 ஆம்ப்ஸ், டெல்டா என்று இருக்கிறது. ஓவர்லோடு ரிலேயை 14-ல் வைத்தார். நாலே மாதத்தில் காயில் கருகிவிட்டது. 'ஓவர்லோடு ஆகியிருக்கிறது, வாரண்டி கிடையாது' என்கிறார்கள்.
– விவசாயி, அணைக்கட்டு

எனக்கு ஆறாத எரிச்சல் இது. தகட்டில் என்ன எண் இருக்கிறதோ அதே எண்ணில் ரிலேயைத் திருகி வைத்துவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பும் ஆட்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். கருகுவது அவர்கள் மோட்டார் இல்லையே.

தகட்டில் இருக்கும் 14 ஆம்ப்ஸ் லைன் கரண்ட். √3 × 415 × 14 போட்டு, இந்த அளவு மோட்டாருக்கு வழக்கமான 0.85 பவர் ஃபேக்டரால் பெருக்கினால் சுமார் 8.5 கிலோவாட். மோட்டார் மின்சாரமாக எடுப்பது அது. சூடாகவும் உரசலாகவும் போனது போக, தண்டில் கிடைப்பது ஏழரை. அதாவது தகடு பொய் சொல்லவில்லை.

ஆனால் பெரும்பாலான ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே மெயின் லைனில் இருக்காது. மெயின் கான்டாக்டருக்குக் கீழே, மோட்டார் காயிலுக்குப் போகும் ஒயரில் மாட்டியிருப்பார்கள். மோட்டார் டெல்டாவில் ஓடும்போது அந்த ஒயரில் போவது ஃபேஸ் கரண்ட். 14-ஐ 1.732-ஆல் வகுங்கள், 8.1 வரும். அங்கேதான் ரிலே நிற்க வேண்டும். அதே இடத்தில் 14-ல் வைத்தால் என்ன ஆகும்? காயிலில் 14 வரும் வரை ரிலே வாயைத் திறக்காது. அப்போது லைனில் 24 ஆம்ப்ஸ் போய்க்கொண்டிருக்கும். பேரிங் இறுகினாலும், வோல்டேஜ் விழுந்து கரண்ட் ஏறினாலும், அதுபாட்டுக்கு ஓடி காயில் வெந்துபோகும். இனாமல் கருகிய நாற்றம் வந்த பிறகுதான் கிணற்றடியில் இருப்பவருக்குத் தெரியும்.

சில பெட்டிகளில் ரிலேயை மெயின் லைனிலேயே மாட்டியிருப்பதும் உண்டு. அங்கே 14 சரி. உங்களுடையது எது என்று கண்டுபிடிப்பது சுலபம். மோட்டாரைச் சுற்றிக் கொண்டுவந்த பிறகு, தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும்போது, மெயினிலிருந்து வரும் ஒயரில் ஒரு அளவு, ரிலேயிலிருந்து வெளியே போகும் ஒயரில் ஒரு அளவு எடுக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்று என்றால் ரிலே லைனில் இருக்கிறது. வெளியே 13, ரிலேயில் ஏழரை என்கிற மாதிரி வந்தால் காயில் ஒயரில் இருக்கிறது.

அது காயில் ஒயரில் இருந்தால், 'ஓவர்லோடு' என்று அவர்கள் சொல்வதே உங்கள் பக்கம் திரும்புகிறது. ஓவர்லோடைத் தடுக்கத்தான் ரிலே. அதைத் தவறாக வைத்தது அவர்கள் அனுப்பிய ஆள். பொருளில் குறை இல்லை என்றாலும் சேவையில் குறை, அதற்கும் ஈடு கேட்கலாம். ரீவைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் ரிலேயின் திருகு 14-ல் நிற்பதை, தகடும் தெரியும்படி படம் எடுத்துவிடுங்கள். 'நான் வந்து பார்க்கிறேன்' என்று அவர்கள் ஆள் கிளம்பினால், அவர் கையில் திருப்புளி படும் முன்னாலேயே எடுத்துவிடுங்கள்.

டெல்டாவில் இருக்கும் ஹீட்டர் காயில்களை ஸ்டாருக்கு மாற்றினால் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகிவிடும், பில் குறையும் என்று ஒருவர் சொன்னார். மாற்றலாமா?
– வாசகர், ஆரணி

மாற்றலாம். 9 கிலோவாட் ஹீட்டர் 3 கிலோவாட் ஆகும், அதே தண்ணீர் சூடாக மூன்று மடங்கு நேரம் பிடிக்கும், யூனிட் கணக்கு ஏறத்தாழ அதேதான். சின்ன ஹீட்டர் போதும் என்றால் சின்னதையே வாங்கியிருக்கலாமே.