தளம் போடாத வீட்டுக்குப் பூச்சுப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: தேவிபட்டினம் பக்கம் கடற்கரையை ஒட்டி வீடு கட்டுகிறோம். 1,000 சதுர அடி, பொருளோடு சேர்த்து ₹25 லட்சம் ஒப்பந்தம். அட்வான்ஸ் 2.5 லட்சம், பேஸ்மென்ட் 5, லிண்டல் 5, தளம் 5, பூச்சு 5, சாவி கொடுக்கும்போது 2.5. லிண்டல் வரை முடிந்து 12.5 லட்சம் கொடுத்துவிட்டோம். கம்பி வாங்கணும் என்று கான்ட்ராக்டர் தளத் தவணையில் 3 லட்சம் முன்னாடியே வாங்கிக்கொண்டார். ஜூன் 30க்குள் தளம் போட்டிருக்க வேண்டும். சென்ட்ரிங் பாதியில் நிற்கிறது, ஜூலையிலிருந்து ஆள் வரவில்லை. இப்போது தளத்தின் மீதி 2 லட்சம், பூச்சுக்கு 5 லட்சம் இரண்டையும் கொடுத்தால்தான் வருவேன் என்கிறார். நடுவில் சமையலறைச் சுவரை நாங்கள் மாற்றச் சொன்னோம், அதற்குத் தனியாக 40,000, இன்னும் கொடுக்கவில்லை. வங்கி அடுத்த தவணையை விடவில்லை. கணவர் சவூதியில் இருக்கிறார். நகையை அடகு வைத்துக் கொடுக்கலாமா? பணத்தை நிறுத்தி வைக்கிறேன் என்று கடிதம் எழுதினால் விட்டுப் போய்விடுவாரா? உள்ளூர்க்காரர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

பதில்: நகை வீட்டிலேயே இருக்கட்டும். கடிதம் எழுதுங்கள். ஆனால் அதில் ‘பணத்தை நிறுத்தி வைக்கிறேன்’ என்று எழுத வேண்டாம். உங்கள் கணக்கில் நிறுத்தி வைக்கும்படி எந்தப் பணமும் இன்னும் பாக்கி விழவில்லை.

ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ‘தளம் முடிந்ததும் 5 லட்சம்’ என்று இருந்தால், கான்கிரீட் போட்ட பிறகுதான் அவருக்கு அந்தத் தொகையைக் கேட்கும் உரிமை வருகிறது. நீங்கள் 3 லட்சத்தை முன்னாலேயே கொடுத்திருக்கிறீர்கள். ஆகவே இன்றைய நிலையில் பணம் முந்தி நிற்கிறது, வேலைதான் பிந்தி நிற்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 54ஆம் பிரிவும் இதையே சொல்கிறது: முதலில் செய்ய வேண்டியவர் தன் பங்கைச் செய்யாமல், மற்றவரின் பங்கைக் கேட்க முடியாது. பூச்சுப் பணம் 5 லட்சத்துக்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது. சுவருக்கு மேலே தளமே இல்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கோபத்தில் பலர், ஏற்கெனவே முடிந்த வேலைக்கான பணத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துவிடுகிறார்கள். அந்த நிமிடமே ஒப்பந்தத்தை மீறியவர் வீட்டுக்காரர் ஆகிவிடுகிறார், கான்ட்ராக்டருக்கு வேலையை நிறுத்த நியாயமான காரணமும் கிடைத்துவிடுகிறது. உங்கள் விஷயத்தில் அந்த ஆபத்து 40,000 ரூபாயில்தான் இருக்கிறது. நீங்கள் சொல்லித்தான் சுவரை இடித்துக் கட்டினார். தொகை நியாயம் என்றால் கடிதத்திலேயே ஒப்புக்கொள்ளுங்கள். எப்போது கொடுப்பது என்று பேசியிருக்கவில்லை என்றால், தளத் தவணையோடு சேர்த்துத் தருவதாக எழுதுங்கள். அந்த மாற்றத்தால் சில நாட்கள் போயிருக்கும், அதையும் விட்டுக்கொடுங்கள். பத்து நாள் என்று வைத்தால் கெடு ஜூலை 10 ஆகிறது, அவ்வளவுதான்.

கடிதம் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. அவருக்கு உறவோ பழக்கமோ இல்லாத ஒரு பொறியாளரைக் கூட்டி வந்து, தளத் தவணைக்காக இதுவரை நடந்ததை மட்டும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள்: லிண்டலுக்கு மேல் எழும்பிய சுவர், கட்டிய சென்ட்ரிங், இறக்கிய கம்பி. பொறியாளர் 1.6 லட்சம் என்று மதிப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். லிண்டல் வரை 12.5, இந்த 1.6, சமையலறைச் சுவர் 0.4, ஆக மொத்தம் 14.5 லட்சம். நீங்கள் கொடுத்தது 15.5 லட்சம். இன்றைக்கே கான்ட்ராக்டர் விலகினாலும் கணக்குப்படி அவர்தான் உங்களுக்கு 1 லட்சம் தர வேண்டும். கேட்கிற 7 லட்சத்தையும் கொடுத்துவிட்டு அவர் போனால், அந்த 1 லட்சம் 8 லட்சம் ஆகும். விட்டுப் போய்விடுவாரோ என்று பயப்படுகிறீர்களே, பணம் கொடுத்த பிறகுதான் அதற்குப் பயப்பட வேண்டும்.

வங்கி அடுத்த தவணையை விடாததும் உங்களுக்குச் சாதகம்தான். வங்கி மதிப்பீட்டாளர் வந்து தளத்தைப் பார்த்த பிறகே பணம் வரும். ‘வங்கி விதி அப்படி’ என்று சொல்லும்போது, ஊர்க்காரரிடம் முகம் முறியாமல் பேச ஒரு வழி கிடைக்கிறது.

பொறியாளர் வரும்போது கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர் உப்புக்காற்றில் இரண்டு மாதம் திறந்து கிடந்த கம்பி சும்மா இருக்காது. மேலே லேசாகத் துரு ஏறியிருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிடலாம். செதில் செதிலாக உரிந்து, குழி விழுந்து, கம்பியின் கனம் குறைந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளை மறக்க வேண்டாம், அவற்றை யாரும் கவனிப்பதில்லை. தண்ணீரும் அப்படியே. இந்தியத் தர விதி ஐஎஸ் 456, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. கடலோரப் போர் தண்ணீர் பல இடங்களில் இதைத் தாண்டும். காலதாமதத்தை ஈடுகட்ட அவசரமாக வேலை பார்க்கிறவர் முதலில் கைவைப்பது டேங்கர் தண்ணீர்ச் செலவில்தான். அதனால் இதையும் கடிதத்தில் சேர்க்கிறேன்.




அனுப்புநர்: (உங்கள் பெயர், முகவரி)
பெறுநர்: திரு. ........ அவர்கள், கட்டட ஒப்பந்தக்காரர்
நாள்: 1 செப்டம்பர்
பொருள்: தளப் பணி தாமதம், தளத் தவணை பற்றி

ஐயா,

நம் ஒப்பந்தப்படி தளப் பணி ஜூன் 30க்குள் முடிந்திருக்க வேண்டும். சமையலறைச் சுவரை மாற்றச் சொன்னது நாங்கள் என்பதால், அதற்குப் பத்து நாள் கூடுதலாக ஏற்கிறோம். அப்படியும் ஜூலை 10க்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை இன்றுவரை முடியவில்லை. ஜூலை முதல் பணியிடத்துக்கு ஆட்கள் வரவில்லை.

இதுவரை உங்களுக்கு ₹15,50,000 கொடுத்திருக்கிறோம். இதில் ₹3,00,000 தளத் தவணைக்கான முன்பணம். சுவர் மாற்றத்துக்கான ₹40,000ஐ ஏற்கிறோம். தளக் கான்கிரீட் முடிந்ததை எங்கள் பொறியாளர் பார்த்து உறுதி செய்த மூன்று நாட்களுக்குள், தளத் தவணையின் மீதி ₹2,00,000, சுவர் மாற்றத்துக்கு ₹40,000, ஆக ₹2,40,000 தருகிறோம். பூச்சுத் தவணை, ஒப்பந்தத்தில் உள்ளபடி பூச்சு வேலை முடிந்த பிறகே.

செப்டம்பர் 8க்குள் வேலையைத் தொடங்கி, 30க்குள் தளம் போட்டு முடிக்க வேண்டுகிறோம். கான்கிரீட்டுக்கு முன் கம்பிகளை எங்கள் பொறியாளர் பார்க்க வேண்டும். கலவைக்கும் நீராற்றவும் பயன்படும் தண்ணீரின் பரிசோதனை அறிக்கை வேண்டும்.

தாமதமாக முடியும் வேலையை நாங்கள் ஏற்றாலும், ஜூலை 10க்குப் பிந்தைய தாமதத்தால் எங்களுக்கு ஏற்பட்ட இழப்பைக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. இந்தத் தேதிகளில் உங்களுக்குச் சிரமம் இருந்தால், காரணத்தையும் உங்களால் முடியும் தேதியையும் செப்டம்பர் 8க்குள் எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
(கையெழுத்து)




ஒப்பந்தத்தில் கணவர் கையெழுத்துப் போட்டிருந்தால் கடிதமும் அவர் பெயரில் போகட்டும். விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், அதையே வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை போன் செய்து, ‘அண்ணே, வங்கிக்குக் காட்ட எழுத்தில் வேணும்னாங்க, அனுப்புறேன்’ என்று சொல்லிவிடுங்கள். கடிதத்தில் மரியாதை குறையாமல் எழுதியிருப்பதும் அதற்காகத்தான்.

கடிதத்தின் கடைசிப் பத்தியில் உள்ள முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். காலக்கெடு முக்கியமான ஒப்பந்தமாக இருந்து, பிந்தி முடித்த வேலையை நீங்கள் பேசாமல் ஏற்றுக்கொண்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி அந்தத் தாமதத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது. ஏற்கும் சமயத்திலேயே கேட்பேன் என்று தெரிவித்திருக்க வேண்டும். தளம் முடிந்ததும் இதே வரியை மறுபடி ஒரு செய்தியாக அனுப்பிவிடுங்கள். அதே சமயம் ‘நாளுக்கு ஆயிரம் அபராதம்’ என்று எழுத ஆசைப்பட வேண்டாம். ஒப்பந்தத்தில் இல்லாத அபராதத்தைக் கடிதத்தால் உண்டாக்க முடியாது. நிரூபிக்கக்கூடிய இழப்பைத்தான் கேட்கலாம். தாமதத்தால் கூடுதலாகக் கொடுக்கும் வீட்டு வாடகையைக் கேட்டால் செல்லும், ரசீது வைத்திருங்கள். கடன் வட்டியைக் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அதை எதிர்த்து வாதாட அவருக்கும் இடம் இருக்கிறது.

செப்டம்பர் 30 என்று நான் வைத்ததற்குக் காரணம் மழை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் தளம் போட்டு, முட்டுப் பிரித்து, உள்வேலைக்குப் போக முடிந்தால் மழை ஒரு சாக்காக இராது. முட்டுகளை அவசரப்பட்டுப் பிரிக்க விடாதீர்கள். ஐஎஸ் 456 கணக்கில் 4.5 மீட்டர் வரையுள்ள தளத்துக்கு ஏழு நாள், அதற்கு மேல் போனால் பதினான்கு நாள் முட்டு நிற்க வேண்டும்.

பெரும்பாலும் அவர் உடனே போன் செய்வார், ‘கையில் காசில்லை’ என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம். உங்கள் 3 லட்சம் இன்னொருவர் வீட்டுத் தளத்தில் போயிருக்கும். அவருக்குச் சென்ட்ரிங் பலகை வாடகையும் ஏறிக்கொண்டிருக்கும். அப்போதும் பணத்தை அவர் கையில் கொடுக்க வேண்டாம். கான்கிரீட் போடும் வாரத்தில் தேவைப்படும் சிமென்ட், ஜல்லி, எம்-சாண்டுக்கு நீங்களே கடைக்கு நேராகச் செலுத்துங்கள். 2 லட்சத்தைத் தாண்டாமல், ‘இந்தத் தொகை தளத் தவணையில் வரவு’ என்று அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு செய்யுங்கள். அந்தக் கையெழுத்து இல்லாமல் வாங்கிப் போட்ட மூட்டைகளுக்குப் பின்னால் கணக்கே இருக்காது.

பதிலே வரவில்லை என்றால், பொறியாளர் அறிக்கை, தேதியோடு படங்கள், இன்னொரு ஒப்பந்தக்காரரின் விலைப்பட்டியல் ஆகியவற்றோடு ஒரு வழக்கறிஞரைப் பார்த்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் அறிவிப்பு அனுப்புங்கள். பிறகு ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கட்டிய பணம் 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கோபத்தில் சென்ட்ரிங் பலகையையும் முட்டுகளையும் பூட்டி வைத்துவிடாதீர்கள். அவை பெரும்பாலும் வாடகைக்கு எடுத்தவை. அதன் சொந்தக்காரர் காவல் நிலையம் போனால் வழக்கு உங்கள் பக்கம் திரும்பும்.

அவர் வேலைக்குத் திரும்பினால், அந்தச் சமயம் பார்த்து ஒரு பக்கத் துணை ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். பூச்சுத் தவணை 5 லட்சத்தை உள்பூச்சுக்கு 3, வெளிப்பூச்சுக்கு 2 என்று பிரிக்கச் சொல்லுங்கள். அவருக்குச் சீக்கிரம் பணம் புரளும், நீங்களும் முந்திக் கொடுக்க வேண்டியிராது. அதற்கு ஈடாகக் கடைசி 2.5 லட்சத்தில் 50,000ஐ மட்டும் ஒரு மழைக்காலம் முடியும்வரை, தளத்தில் ஒழுக்கு இல்லை என்று தெரியும்வரை, உங்களிடமே வைக்கக் கேளுங்கள். இதை அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். மறுத்தால் பழைய ஒப்பந்தத்தில் உள்ளபடியே போகட்டும்.