பாட்டின் பெயர் தெரியவில்லை, பிளேயரை மாற்றலாமா?

கேள்வி: டிரங்குப் பெட்டியில் பெயர் எழுதாத கேசட் ஒன்று கிடைத்தது. அதில் என்னென்ன பாட்டு இருக்கிறது என்று என் மகளுக்குத் தெரிய வேண்டுமாம். புது பிளேயர் வாங்கித் தந்தேன். பாட்டைக் கண்டுபிடிக்கும் ஆப்பில் ஒரு பாட்டுகூடச் சிக்கவில்லை. இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலை கூடியதாக வாங்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். குறை பிளேயரில் இருக்கலாம், கேசட்டிலும் இருக்கலாம். எதில் என்று செலவில்லாமலே பார்த்துவிடலாம். என் அண்ணன் மகள் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டாள். அவள் கதையையே சொல்கிறேன்.

அவளுக்குப் 13 வயது. பழைய துணிகளுக்கு அடியில் கிடந்த கேசட்டை உடனே ஓடவிடத் துடித்தாள். நான்தான் நிறுத்தினேன். கேசட்டின் மேல் விளிம்பில், இரண்டு மூலையிலும் சின்ன பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவை உடையாமல் இருந்தால், கை தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் பழைய பாட்டு அழிந்துவிடும். இரண்டையும் உடைத்துவிட்டோம். அப்புறம் கீழ் விளிம்பின் நடுவில் நாடாவுக்குப் பின்னால் இருக்கும் பஞ்சுத்துண்டைப் பார்த்தோம். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் பாட்டு மங்கலாகத்தான் கேட்கும். நல்லவேளை, இருந்தது.

இரவல் பிளேயரில் போட்டோம். பக்கத்துக்கு 6 பாட்டு, மொத்தம் 12. பாடகர்களின் குரல் ஏனோ மெலிந்து, சின்னப் பிள்ளைகள் பாடுவதுபோல் இருந்தது. ஆப் 12 முறையும் கைவிரித்தது. "சித்தப்பா, இந்தப் பாட்டெல்லாம் எங்கேயுமே இல்லை போல" என்றாள், முகம் வாடி.

பாட்டு இருந்தது, வேகம்தான் தவறியிருந்தது. அந்த ஆப்கள் பாட்டின் ஒலி அமைப்பைத் தம்மிடம் உள்ள பதிவோடு பொருத்திப் பார்க்கின்றன. நாடா 6 சதவீதம் வேகமாக ஓடினால் பாட்டு முழுவதும் அரைச் சுரம் மேலே ஏறிவிடும். நம் காது அதைப் பொறுத்துக்கொள்ளும், ஆப் தடுமாறிவிடும்.

வேகத்தைத் தவறவிட்டது எது? கம்பெனி அச்சிட்ட கேசட் ஒன்றைப் போட்டு, 240 விநாடி நீளமுள்ள பாட்டை ஸ்டாப்வாட்சில் அளந்தாள். 241 விநாடி வந்தது. அப்படியானால் பிளேயர் சரி. பதிவு செய்த அன்று ரெக்கார்டரில் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்திருக்கும். மெதுவாகச் சுழன்று பதிவான நாடா, சரியான வேகத்தில் ஓடும்போது வேகமாகத்தான் பாடும்.

இனி ஒரே ஒரு பாட்டின் பெயர் தெரிந்தால் போதும். முதல் பாட்டின் பல்லவியைத் தேடியபோது கண், நிலா என்று ஏகப்பட்ட பாட்டுகள் வந்து குவிந்தன. இரண்டாவது சரணத்திலிருந்து அடுத்தடுத்த நான்கு சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடச் சொன்னேன். ஒரே பாட்டு வந்தது. அதன் அசல் நீளம் 300 விநாடி. நம் கேசட்டில் 283. வகுத்தால் 0.943.

கேசட்டை ஒயர் வழியாகக் கணினியில் பதிவு செய்து, Audacity என்ற இலவச மென்பொருளில் Change Speed and Pitch என்பதைத் திறந்து, Speed Multiplier கட்டத்தில் 0.943 என்று கொடுத்தாள். Change Tempo வேண்டாம், அது நீளத்தை மட்டும் மாற்றும், சுரத்தைத் தொடாது. முதல் பக்கத்தில் மீதி இருந்த ஐந்தும் வரிசையாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தன. நான் எழுந்து நின்று கை தட்டினேன்.

இரண்டாம் பக்கம் அவ்வளவு எளிதாக இல்லை. பேட்டரி மேலும் இறங்கியிருக்க வேண்டும். 0.93, 0.92 என்று இறக்கி இறக்கி, பதினோராவது பாட்டு 0.90-இல் பிடிபட்டது.

நீங்களும் முதலில் அந்த ஸ்டாப்வாட்ச் சோதனையைச் செய்யுங்கள். அச்சிட்ட கேசட்டில் 240 விநாடிப் பாட்டு 226-இல் முடிந்தால் குறை பிளேயரில்தான். அந்த ஓட்டத்தை வீடியோ எடுத்துக்கொண்டு, திருப்பும் கெடு முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். வேகத்தைத் திருத்தலாம் என்று நீங்களே திறந்துவிட்டால் கடைக்காரர் வாங்கமாட்டார். விலை கூடினால் சரியாகிவிடும் என்றும் நம்பவேண்டாம். இப்போது வரும் புதுப் பிளேயர்கள் பலவற்றின் உள்ளே இருப்பது ஒரே வகை மலிவான இயந்திரம்தான். நேரம் சரியாக வந்தால் பிளேயரை வைத்துக்கொண்டு, நாடாவின் வேகத்தைத் திருத்துங்கள்.

பன்னிரண்டாவது பாட்டை ஆப் கடைசிவரை சொல்லவில்லை. ஆர்மோனியத்தோடு யாரோ வீட்டில் உட்கார்ந்து பாடியது அது, நடுவில் ஒரு இருமல்கூடக் கேட்கிறது. வெளியான பதிவுகளை மட்டும்தான் ஆப்புக்குத் தெரியும். சரணத்தைத் தேடிப் பாட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். பாடியது யார் என்று கேட்க, அந்தப் பதிவைப் போனில் ஏற்றிக்கொண்டு இப்போது ஒவ்வொரு பெரியவராகப் போய்க்கொண்டிருக்கிறாள்.