உச்சவரம்புக் கோட்டில் சாவிப் பணம் எங்கே?

"பாலக்காடு டவுனில் வாடகைக்கு உச்சவரம்பு வைத்தால் என்ன ஆகும் என்று வரைபடம் வரையச் சொன்னார்கள். பற்றாக்குறை புரிகிறது. மறைமுகப் பணத்தை எங்கே காட்டுவது?" – கொழிஞ்சாம்பாறை மாணவி

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். கீழிறங்கும் கோடு வீடு கேட்பவர்களின் தேவை, மேலேறும் கோடு வாடகைக்கு வரும் வீடுகள், இடப்பக்க எண்கள் மாத வாடகை.

```
10,000 |     அ       /
 9,000 |     : \   /
 8,000 |     :   X
 7,000 |     : /   \
 6,000 |-----ஆ-------இ--- உச்சவரம்பு
       +-----+---+---+---
            300 400 500   வீடுகள்
```

கட்டுப்பாடு இல்லாதபோது 8,000 ரூபாய்க்கு 400 வீடுகள். 6,000 என்று நிறுத்தினால் 500 பேர் கேட்பார்கள், 300 வீடுதான் வரும். ஆ–இ இடைவெளிதான் பற்றாக்குறை, 200 வீடு. இனி ஆ-விலிருந்து நேராக மேலே போங்கள். 300 வீடுதான் என்றால், கடைசி வீட்டுக்குக்கூட 10,000 தர ஆள் இருக்கும். அந்த அ–ஆ உயரம், மாதம் 4,000, அதுதான் உங்கள் மறைமுகப் பணம், அதாவது சாவிப் பணம். பலரும் 8,000 வரை மட்டும் குறித்துத் தப்பு செய்வார்கள்.

நடைமுறையில் இது மாதாமாதம் வராது. 11 மாத ஒப்பந்தம் என்றால் 44,000 வரை ஒரே தடவையில், ரசீது இல்லாமல், "ஃபேன், கட்டில் விலை" என்ற பெயரில் வரும். மும்பையில் 1947 வாடகைச் சட்டத்துக்குப் பிறகு இதற்கு 'பகடி' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

யாருக்கு லாபம்? ஏற்கெனவே குடியிருந்து, எதுவும் தராதவருக்கு மாதம் 2,000 மிச்சம். புதிதாக வருபவர் முழுத் தொகையும் கொடுத்தால் 10,000 ஆகிறது, பழைய 8,000-ஐவிட அதிகம்! கைநீட்டத் தயங்காத உரிமையாளருக்கு லாபம், சட்டப்படி நடப்பவருக்கு நஷ்டம். 400-லிருந்து 300 ஆகக் குறைந்ததில் வாடகைக்கு வராமல் போன 100 வீடுகளால் குடியிருப்போருக்கும் உரிமையாளர்களுக்கும் சேர்த்து ஏற்படும் இழப்பு, அ, ஆ, X முக்கோணத்துக்குள் இருக்கிறது. அதை நிழலிட்டுக் காட்டுங்கள்.