அவித்த முட்டையை மைக்ரோவேவில் வைத்தால் ஏன் வெடிக்கிறது?

கேள்வி: மதியச் சாப்பாட்டுக்கு முட்டைக் குழம்பு கொண்டு போகிறேன். ஆபீஸில் மைக்ரோவேவும் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலும் மட்டும்தான் உண்டு. நேற்று உரித்த அவித்த முட்டையை ஒரு கிண்ணத்தில் போட்டு ஒன்றரை நிமிடம் சூடாக்கினேன். அடுப்புக்குள் ஒன்றும் ஆகவில்லை. வெளியே எடுத்து ஸ்பூனால் அழுத்தியதும் பட்டாசு மாதிரி வெடித்துவிட்டது. ஓடே இல்லாத, ஏற்கெனவே வெந்த முட்டை எப்படி வெடிக்கும்? முட்டையை எப்படித்தான் சூடாக்குவது?

பதில்: ஓடு இருந்தால்தான் முட்டை வெடிக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். பச்சை முட்டையை ஓட்டோடு வைத்தால் வெடிப்பதற்கு ஓடுதான் காரணம். உள்ளே உண்டாகும் நீராவி ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியாக அவ்வளவு வேகமாக வெளியேற முடியாது. அழுத்தம் ஏறி ஓடு பிளந்துவிடும். அது பெரும்பாலும் அடுப்புக்குள்ளேயே நடந்துவிடுவதால் சேதம் அடுப்போடு முடிகிறது.

அவித்த முட்டை அப்படியல்ல. அது கையில் எடுத்த பிறகும் வெடிக்கும். ஆகவே ஆபத்தும் அதிகம்.

காரணம் மஞ்சள் கருவில் இருக்கிறது. வெள்ளைக் கரு ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர்தான். மஞ்சள் கருவில் பாதியளவே தண்ணீர், மீதியில் பெரும்பகுதி கொழுப்பு. வெந்து இறுகும்போது இந்தத் தண்ணீர் புரதத்துக்கும் கொழுப்புக்கும் நடுவே மிகச் சிறு சிறு துளிகளாகச் சிறைபட்டுப் போகிறது. பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கும்போது குமிழி எங்கே தோன்றுகிறது என்று பார்த்திருப்பீர்கள்: பாத்திரத்தின் அடியில், கீறலில், ஒட்டியிருக்கும் காற்றில். தண்ணீர் ஆவியாகத் தொடங்க அப்படி ஒரு பிடிமானம் வேண்டும். சிறைபட்ட துளிகளுக்கு அது கிடைப்பதில்லை. மைக்ரோவேவ் உள்ளிருந்தே சூடேற்றிக்கொண்டிருப்பதால் துளிகள் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் தண்ணீராகவே இருக்கின்றன. நீங்கள் ஸ்பூனால் அழுத்தினீர்கள். ஒரு துளி கலைந்து ஆவியானது. அந்த அதிர்வில் பக்கத்துத் துளி, அதையடுத்த துளி என்று எல்லாமே நொடிக்குள் ஆவியாகின. தண்ணீர் ஆவியானால் ஆயிரம் மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். இறுகிய வெள்ளைக் கருவால் அதைத் தாங்க முடியவில்லை.

இதை அமெரிக்காவில் ஒரு வழக்குக்காகவே சோதித்துப் பார்த்தார்கள். உணவகத்தில் மைக்ரோவேவில் சூடாக்கிய அவித்த முட்டை வெடித்ததால் காது கேட்கும் திறன் பாதிக்கப்பட்டதாக ஒருவர் வழக்குத் தொடுத்தார். அதற்காக ஆண்டனி நாஷ், லாரன் வான் ப்லோன் என்ற இரண்டு ஒலியியல் நிபுணர்கள் நூறுக்கு நெருக்கமான முட்டைகளைச் சூடாக்கி, தங்கள் முடிவுகளை 2017-இல் அமெரிக்க ஒலியியல் சங்கக் கூட்டத்தில் வைத்தார்கள். அடுப்பிலேயே வெடிக்காமல் தப்பி வெளியே வந்த முட்டைகளைக் கூரான பொருளால் குத்தியபோது, ஏறக்குறைய மூன்றில் ஒன்று வெடித்தது. ஓர் அடி தூரத்தில் அளந்த சத்தம் 86 முதல் 133 டெசிபெல் வரை இருந்தது. காது சேதமாவது அரிது என்பதுதான் அவர்கள் கருத்து. என் கவலையும் சத்தத்தைப் பற்றியது அல்ல. கொதிக்கும் மஞ்சள் கரு முகத்திலும் கண்ணிலும் தெறிப்பதுதான் உண்மையான ஆபத்து. வாயில் போட்டுக் கடிக்கும்போது வெடித்தால் உதடும் நாக்கும் வெந்துவிடும்.

அந்தச் சோதனையில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. முட்டைகளைத் தண்ணீரில் போட்டுத்தான் சூடாக்கினார்கள். சுற்றியிருந்த தண்ணீரைவிட மஞ்சள் கருவின் சூடு கூடுதலாகவே இருந்தது. ஆகவே, "கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அதற்குள் முட்டையை வைத்தால் வெடிக்காது" என்ற யோசனையை நம்ப வேண்டாம். தண்ணீரில் உப்புப் போட்டால் போதும் என்றும் நம்ப வேண்டாம். பல்குத்தும் குச்சியால் இரண்டு துளை போடுவதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். துளை போன வழியில் இருக்கும் ஆவி வெளியேறும், ஆனால் மஞ்சள் கருவின் மற்ற இடங்களில் சிறைபட்ட துளிகள் அப்படியே இருக்கும்.

உங்களுக்கு ஏற்ற வழி, குழம்பை மட்டும் மைக்ரோவேவில் வைத்து, அந்தச் சூட்டில் முட்டையைச் சூடாக்குவது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே முட்டையை ஒரு டப்பாவிலும் குழம்பை வேறு டப்பாவிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் போனதும் இரண்டையும் ஃபிரிட்ஜில் வையுங்கள். நம் ஊர் வெயிலில் மதியம் வரை வெளியே வைத்திருக்கக் கூடாது.

சாப்பிடும் நேரத்தில் ஒரு முட்டைக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி குழம்பைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே தட்டைச் சற்று விலக்கி மூடி, ஒன்றரை நிமிடம் வையுங்கள். எடுத்து அடிவரை நன்றாகக் கிளறிவிட்டு மீண்டும் ஒரு நிமிடம். கிளறிய பிறகும் நடுவிலிருந்து ஆவி பறக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் குமிழி வந்தால் போதாது, இன்னும் அரை நிமிடம் வையுங்கள். கிண்ணத்தை வெளியே எடுத்த பிறகு, குளிர்ந்த முட்டையை நான்காக வெட்டிக் குழம்புக்குள் அமிழ்த்தி மூடி, ஐந்து நிமிடம் விடுங்கள். வெட்டிய பக்கம் வழியாகச் சூடு மஞ்சள் கருவுக்கு நேராகப் போய்விடும். முட்டை போட்ட கிண்ணத்தை மறுபடி அடுப்பில் வைக்காதீர்கள்.

இரண்டு முட்டை என்றால் அதே ஒரு டம்ளர் குழம்பு போதாது, முட்டையின் குளிர்ச்சி குழம்பையே ஆற்றிவிடும். அப்போது கெட்டிலைப் பயன்படுத்துங்கள். முழு முட்டைகளை ஒரு கிண்ணத்தில் வைத்து, மூழ்கும் அளவுக்குக் கொதிநீர் ஊற்றி மூடிப் பத்து நிமிடம் விட்டு, பிறகு வெட்டிக் குழம்பில் சேர்க்கலாம். கொதிநீரின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, அது வெளியிலிருந்து உள்ளே போவதால் மஞ்சள் கருவும் தாண்டாது. அதனால் இந்த முறையில் முட்டை முழுதாக இருந்தாலும் பயமில்லை. வீட்டில் இட்லிப் பானை ஆவியில் வைப்பதற்கும் இதே கணக்குத்தான்.

ஆம்லெட்டிலும் முட்டைப் பொரியலிலும் மஞ்சள் கரு கலங்கி விரிந்திருப்பதால் வெடிக்கும் அபாயம் மிகக் குறைவு. பாதி பவரில் அரை அரை நிமிடமாக வையுங்கள், முழு பவரில் ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஆஃப்பாயிலில் மஞ்சள் கருவைச் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது, ஆகவே அதை உடைத்துப் பரப்பாமல் வைக்கக் கூடாது. முட்டை பிரியாணியில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: சோற்றுக்குள் முழு முட்டை புதைந்திருப்பது தெரியாமல் டப்பாவை அப்படியே வைத்துவிடுவார்கள். கிளறித் தேடி எடுத்துவிட்டுச் சோற்றை மட்டும் சூடாக்குங்கள்.

யாராவது மறந்து முழு முட்டையை மைக்ரோவேவில் வைத்துவிட்டால், சுவிட்சை அணையுங்கள், கதவைத் திறக்காதீர்கள், முட்டையைத் தொட்டுப் பார்க்காதீர்கள். வெள்ளைக் கருவைவிட மஞ்சள் கரு அதிகச் சூடாக இருக்கலாம், தொட்டுப் பார்த்தால் அது தெரியாது. அரை மணி நேரமாவது அப்படியே விட்டு, முழுக்க ஆறிய பிறகு எடுத்துக் குப்பையில் போடுங்கள். தோலில் தெறித்திருந்தால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். கண்ணில் பட்டிருந்தால் சுத்தமான தண்ணீரால் கழுவிக்கொண்டே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள், வலி குறைந்துவிட்டதே என்று காத்திருக்க வேண்டாம்.