‘பறை’ என்ற ஒரு சொல்: திருப்பாவை உரைமரபு பற்றிய கேள்வி பதில்

தமிழ் முதுகலை மாணவி: திருப்பாவையை உரையாசிரியர்கள் எப்படியெல்லாம் மாற்றிப் படித்தார்கள் என்பதை ஒரே ஓர் எடுத்துக்காட்டால் காட்ட முடியுமா?

முடியும். ‘பறை’ என்ற சொல்லை மட்டும் பின்தொடருங்கள். முதல் பாட்டிலேயே ‘நாராயணனே நமக்கே பறைதருவான்’ என்று அது வந்துவிடுகிறது. பிறகு 8, 10, 16, 24, 25, 26, 27, 28 ஆகிய பாட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. நோன்புக்குப் பறை என்னும் வாத்தியம் வேண்டும், அதைக் கண்ணனிடம் கேட்டுப் பெற ஆயர் சிறுமியர் போகிறார்கள் என்பதுதான் கதையின் வெளிப்புறம். 24ஆம் பாட்டில் ‘ஏத்திப் பறைகொள்வான் இன்றுயாம் வந்தோம் இரங்கு’ என்று வந்த காரியத்தை வெளிப்படையாகவே சொல்கிறார்கள். ஐந்து பாட்டுகள் கடந்து 29இல் அதே பெண்கள், ஏறத்தாழ அதே சொற்களில், ‘இற்றைப் பறைகொள்வான் அன்றுகாண் கோவிந்தா’ என்கிறார்கள். ‘பறைகொள்வான் வந்தோம்’ என்றவர்கள் ‘பறைகொள்வான் அன்று’ என்று மறுக்கிறார்கள். இந்த முரணை என்ன செய்வது என்பதுதான் உரைமரபு எடுத்துக்கொண்ட பெரிய வேலை.

13ஆம் நூற்றாண்டில் பெரியவாச்சான் பிள்ளை இட்ட மூவாயிரப்படி என்னும் உரையும், அவருக்குப் பின் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் இட்ட ஆறாயிரப்படி என்னும் உரையும் இந்த இடத்தை ஓர் உரையாடலாகக் காண்கின்றன. கேட்ட பறையைக் கண்ணன் கொடுக்க முன்வருகிறான். பெண்கள், ‘நாங்கள் கேட்டது இந்தப் பறை அன்று’ என்கிறார்கள். ‘கோவிந்தா’ என்ற விளியை உரை கையாளும் விதம் மிக அழகானது: பசுக்களின் பின்னே திரிகிறவனுக்குச் சொல்லின் நேர்ப்பொருள் தெரியும், அதற்கு உள்ளே கிடக்கும் கருத்து தெரியாது என்று பெண்கள் செல்லமாகக் கடிவதாக அது எடுத்துக்கொள்கிறது. ‘பெற்றம் மேய்த்துண்ணும் குலத்தில் பிறந்து’ என்று அதே பாட்டில் சற்று முன்னே வருவது இந்தக் கடிதலுக்கு இடம் தருகிறது. பறை என்பது ‘எற்றைக்கும் ஏழேழ் பிறவிக்கும்’ பிரியாமல் செய்யும் கைங்கரியம் என்பது இங்கே வெளிப்படுகிறது. அந்த வெளிச்சத்தில் முதல் பாட்டு வரை பின்னோக்கிப் படிக்க வேண்டியதாகிறது.

உரையை மேற்கோள் காட்டும்போது மூவாயிரப்படியா ஆறாயிரப்படியா என்று பெயரைச் சொல்லி எழுதுங்கள். ‘வியாக்கியானத்தில் இருக்கிறது’ என்று மட்டும் எழுதினால் அது யாருடைய கருத்து, எந்தக் காலத்துக் கருத்து என்பது தெரியாமல் போய்விடும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: பறை என்றால் பறைதான். மக்கள் கொண்டாடிய நோன்புப் பாட்டின் மேல் உரையாசிரியர்கள் தத்துவத்தை ஏற்றிவிட்டார்கள் என்பது என் கருத்து. 26ஆம் பாட்டே அதற்குச் சான்று.

பாதி சரி. 26ஆம் பாட்டில் ‘சங்கங்கள்’, ‘சாலப் பெரும்பறையே’, ‘பல்லாண்டு இசைப்பாரே’, ‘கோல விளக்கே கொடியே விதானமே’ என்று நோன்புக்கு வேண்டிய பொருள்கள் வரிசையாக வருகின்றன. விளக்குக்கும் கொடிக்கும் நடுவே நிற்கும் பறை தோல்வாத்தியம்தான். அங்கே நேர்ப்பொருளை மறுக்க வேண்டிய தேவை உரைகாரருக்கும் இல்லை.

ஆனால் தத்துவத்தை ஏற்றியவர்கள் உரைகாரர்கள் மட்டும்தான் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ‘அன்றுகாண்’ என்ற சொல் மூலத்தில் இருக்கிறது. தான் இருபத்தெட்டுப் பாட்டுகளாகக் கட்டி வந்த சொல்லைக் கவிஞரே இருபத்தொன்பதாவதில் அவிழ்க்கிறார். ‘இற்றை’ என்பதற்கு எதிரே ‘எற்றைக்கும்’ என்று எதுகையிலேயே நிறுத்துகிறார். உரைகாரர் அந்த அவிழ்ப்பைப் பிடித்துக்கொண்டு முழு நூலுக்கும் நீட்டினார். நீட்டியது மிகையா என்று கேட்கலாம். அடித்தளமே இல்லை என்று சொல்ல முடியாது.

சென்னையிலிருந்து ஒரு தாயார்: என் மகளுக்கு வரன் அமைய வேண்டும். எந்தப் பாட்டைப் படிக்கச் சொல்வது? பறை என்றால் மாங்கல்யம் என்று ஒருவர் சொன்னார்.

பறைக்கு அப்படி ஒரு பொருளை நான் அறிந்த பழைய உரைகளில் கண்டதில்லை. முப்பது பாட்டுகளிலும் ‘நல்ல கணவனைத் தா’ என்ற வேண்டுதல் கிடையாது. அந்த வேண்டுதல் திருவெம்பாவையில் இருக்கிறது. அதன் 9ஆம் பாட்டில் ‘அன்னவரே எம்கணவர் ஆவார்’ என்று சிவனடியாரையே கணவராகக் கேட்கிறார்கள். மார்கழியில் இரண்டையும் சேர்த்தே பாடும் வழக்கம் பரவியதால் ஒன்றின் பயன் மற்றொன்றுக்கும் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். மகள் விரும்பினால் முப்பதையும் படிக்கட்டும்.

இசை பயில்பவர்: திருப்பாவையின் ராகங்கள் ஆண்டாள் காலத்திலிருந்து வருபவை அல்லவா? பாடகர்கள் ஏன் மாற்றுவதில்லை?

இல்லை. இன்று கச்சேரிகளில் பெரும்பாலும் கேட்கும் ராக அமைப்பு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) செய்தது. எம்.எல். வசந்தகுமாரியின் குரலில் பதிவாகி வீடுதோறும் ஒலித்ததால் அது தொன்று தொட்டு வந்தது போலத் தோன்றுகிறது. கோயில் கோஷ்டியில் ஓதுவது முற்றிலும் வேறு முறை. அங்கே ராக விரிவு இல்லை.

அந்த ராக அமைப்பையே ஓர் உரையாகப் படிக்கலாம். முதல் ஐந்து பாட்டுகளுக்கும் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற கன ராகங்கள் ஐந்தும் வரிசையாக அமைகின்றன. 29க்கு மத்யமாவதி, 30க்குச் சுருட்டி. இரண்டும் கச்சேரியை மங்களமாக முடிக்கும் ராகங்கள். இதனால் 29ஆம் பாட்டு நிறைவின் சாந்தமாகக் காதில் விழுகிறது. உரைகாரர் கேட்டதோ நிறைவை அல்ல, ஒரு மறுப்பை. ‘நாங்கள் கேட்டது இது இல்லை’ என்று திரும்பி நிற்கும் பெண்களின் குரலை.

இங்கே பாடுபவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அடி இப்படி நான்கு சீராக நிற்கிறது: இற்றைப் / பறைகொள்வான் / அன்றுகாண் / கோவிந்தா. பாதி அடி ‘பறைகொள்வான்’ என்பதோடு முடிகிறது. அங்கே மூச்சை நிறுத்தி, ‘இற்றைப் பறைகொள்வான்’ என்ற பாதியை மட்டும் இரண்டு மூன்று சங்கதிகளில் திருப்பிப் பாடுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அப்போது காதில் விழுவது ‘இன்றைக்குப் பறை கொள்ள’ என்பது. பாட்டு சொல்வதற்கு நேர் எதிர். ‘அன்றுகாண்’ வரை சேர்த்துப் பாடிவிட்டுப் பிறகு திருப்பினால் போதும்.

பெயர் சொல்லாத ஒருவர்: ‘தீக்குறளைச் சென்றோதோம்’ என்பது திருக்குறளைப் பழிப்பதா?

இல்லை. குறளை என்றால் கோள். தீய கோளைப் போய்ச் சொல்லமாட்டோம் என்பது பொருள்.

மற்றொருவர்: தீக்குறள் பற்றி உண்மையான விளக்கம் தேவை.

மேலே சொன்னதுதான். ‘சென்று’ என்ற சொல்லைப் பாருங்கள். கோள் சொல்லத்தான் ஒருவரிடம் போக வேண்டும். இன்று இதே கேள்வி இன்னும் மூன்று பேரிடமிருந்து வந்திருக்கிறது. அவர்களும் இதையே பதிலாகக் கொள்ள வேண்டும்.

பொறியாளர் ஒருவர்: ஆசிரியர் ஐயாவின் பக்கம் நின்று கேட்கிறேன். 27இல் ‘பாடிப் பறைகொண்டு யாம்பெறு சம்மானம்’ என்று வருகிறது. பறை கிடைத்த பிறகு சம்மானம் தனியாகக் கிடைக்கிறது. பறையே இறுதிப் பேறு என்றால் அதற்கு மேல் சூடகமும் தோள்வளையும் பாடகமும் எதற்கு?

இது நல்ல கேள்வி. அந்த அடியை மட்டும் எடுத்தால் பறை வேறு, சம்மானம் வேறு என்பதே இயல்பான வாசிப்பு. 26இன் தோல்வாத்தியம் 27இலும் தொடர்கிறது என்று கொள்வதில் எனக்குத் தடையில்லை. உரைமரபு இந்தச் சம்மானத்தையும் கூடியிருந்து குளிர்வதன் பகுதியாக, பேற்றின் நிறைவாகக் காண்கிறது. அந்த விளக்கம் மரபுக்குள் பொருந்துகிறது. ஆனால் 27ஆம் பாட்டு தானாகவே அப்படிப் படிக்கச் சொல்கிறதா என்றால், இல்லை என்றே எனக்குப் படுகிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: அப்படியானால் நான் சொன்னதை ஒப்புக்கொள்கிறீர்கள்.

26, 27 வரை ஒப்புக்கொள்கிறேன். 30ஆம் பாட்டுக்கு வாருங்கள். 29இல் பறை வேண்டாம் என்றார்கள். 30இல் நூலின் பயன் சொல்லும்போது ‘அங்கப் பறைகொண்ட ஆற்றை’ என்று வருகிறது. அங்கு, அப்பறை என்று பிரியும். வேண்டாம் என்ற வாத்தியத்தையே வாங்கிக்கொண்டு போனார்கள் என்று நீங்கள் படித்தால் 29இன் மறுப்பு வீணாகிவிடும். ‘அப்பறை’ என்ற சுட்டு முந்தைய பாட்டில் தெளிவான பறையைச் சுட்டுகிறது என்று படித்தால் இரண்டும் ஒட்டி நிற்கின்றன.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: நோன்பு முடிந்தது, பறை பெற்றார்கள், அதைக் கதையாகச் சொல்கிறாள் கோதை, அவ்வளவுதானே? 30ஆம் பாட்டு சிறுமியர் குரல் அல்ல, பட்டர்பிரான் கோதையின் குரல். வெளியே நிற்பவர் கதையின் வெளிப்புறத்தைச் சொல்லலாம்.

குரல் மாறுகிறது என்பது உண்மை. அதை நான் கணக்கில் எடுக்காமல் பேசிவிட்டேன். இருந்தாலும் மறுத்த சொல்லை அடுத்த பாட்டிலேயே சுட்டோடு எடுத்து வைப்பது வெறும் கதைச் சுருக்கம் என்று என் மனம் ஏற்கவில்லை. நம் இருவருடைய வாசிப்புக்கும் இலக்கணம் இடம் தருகிறது.

கல்லூரி மாணவர்: 6 முதல் 15 வரை எழுப்பப்படும் பத்துப் பெண்களும் பத்து ஆழ்வார்கள் என்று வியாக்கியானத்தில் இருக்கிறதே?

எந்த வியாக்கியானத்தில்? முதல் பதிலிலேயே கேட்டுக்கொண்டேன். ஆழ்வார்களோடு ஒப்பிடும் பட்டியல்கள் ஒன்றோடொன்று முழுவதும் ஒத்துப்போவதில்லை. ஒரு பட்டியலைக் கையில் எடுத்தால் அதை யார் சொன்னார் என்று முதலில் தேடுங்கள்.

வரலாற்று ஆர்வலர்: ‘வெள்ளி எழுந்து வியாழம் உறங்கிற்று’ என்பதை வைத்து ஆண்டாளின் காலத்தைக் கணிக்கலாமா?

மு. இராகவையங்கார் அப்படிக் கணித்து 731 என்ற ஆண்டைச் சொன்னார். அந்த வானக் காட்சி வேறு ஆண்டுகளிலும் நிகழ்ந்திருக்கும் என்பதால் அது முடிவான சான்று ஆகாது.

இசை பயில்பவர்: மீண்டும் நான்தான். அப்படியானால் 29ஐ மத்யமாவதியில் பாடுவதே தவறா?

தவறு என்று சொல்லவில்லை. கோயிலில் ஓதுதலை நிறைவு செய்யும் சாற்றுமுறையின்போது ‘சிற்றஞ்சிறுகாலே’, ‘வங்கக்கடல்’ இரண்டையும் சேவித்து முடிப்பதால் நிறைவு என்ற உணர்வு அந்தப் பாட்டில் அரியக்குடிக்கு முன்பே ஏறியிருக்கிறது. அவர் தேர்ந்த ராகம் அந்த வழக்கத்தோடு இசைகிறது. ‘அன்றுகாண்’ என்பதில் ஒரு கணம் அழுத்தம் கொடுத்து, ‘கோவிந்தா’ என்ற விளியை இறைஞ்சலாக இழுக்காமல் எதிரே நிற்பவனைக் கூப்பிடுவது போலச் சொல்லிப் பாருங்கள். மத்யமாவதிக்குள்ளேயே அந்தப் பெண்களின் குரல் கேட்கும்.