டூர் கைடு ரெஸ்யூம்ல ஒரு நாள் ரூட்டையாவது முழுசா எழுதுங்க

கேள்வி: மூணு வருஷமா கைடாவும், ஆஃப்-சீசன்ல ஒரு ட்ராவல்ஸ் ஆபீஸ்ல புக்கிங்கும் பாக்கறேன். ரெஸ்யூம்ல "நிறைய குரூப் ஹேண்டில் பண்ணிருக்கேன், 5 மொழி தெரியும், தென்னிந்தியா முழுக்க நல்ல அனுபவம்"னு போட்டிருக்கேன். எங்கயும் கூப்பிட மாட்டேங்கறாங்க. எதை மாத்தணும்?

பதில்:

ஆறு வருஷம் கைடா இருந்துட்டு இப்போ சென்னைல வெளிநாட்டு குரூப்புக்கு டூர் போடற ஒரு கம்பெனில ஆபரேஷன்ஸ் பாக்கறேன், வர்ற ரெஸ்யூமை முதல்ல படிக்கறது நான்தான். நீங்க எழுதின மூணு விஷயமும் எல்லா ரெஸ்யூம்லயும் இருக்கு, அதனால அதை வச்சு ஒருத்தரை இன்னொருத்தர்கிட்டேருந்து பிரிச்சுப் பாக்கவே முடியாது. நான் தேடறது ஒண்ணே ஒண்ணு, இவர் உண்மையிலேயே ஒரு நாளை ரோட்ல ஓட்டிருக்காரா இல்லையான்னு. அது நீங்க எழுதற ரூட்லயே தெரிஞ்சிரும்.

ஒரு உதாரணம் சொல்றேன். சென்னை, மாமல்லபுரம், புதுச்சேரி, தஞ்சாவூர், மதுரை, ஏழு ராத்திரி, இது எல்லாரும் விக்கற ரூட். இதுல புதுச்சேரிலேருந்து தஞ்சாவூர் போற நாள்ல சிதம்பரம், கங்கைகொண்டசோழபுரம், தாராசுரம் மூணையும் ஒரே நாள்ல பாத்தோம்னு ஒருத்தர் எழுதினா நான் அங்கயே நின்னுருவேன். மேப்ல பாத்தா வழிதான், ஆனா காலைல ஏழரைக்கு கிளம்பினாலும் சிதம்பரம் போய் சேர ஒன்பதேகால் ஆகும், கோயில்ல ஒன்றரை மணிநேரம், திரும்ப பஸ் ஏத்தி கங்கைகொண்டசோழபுரம் போறதுக்குள்ள உச்சிவேளை, நடை சாத்திடுவாங்க, திரும்ப திறக்க சாயங்காலம் நாலு மணி ஆகும். அதுவரைக்கும் 22 பேரை வெயில்ல எங்க வச்சிருப்பீங்க?

இதை ஓட்டின ஆள் வேற மாதிரி போட்டிருப்பாரு. அன்னைக்கு காலைல சிதம்பரம், மதியம் கும்பகோணத்துல சாப்பாடு, நாலு மணிக்கு மேல தாராசுரம், ராத்திரி தஞ்சாவூர். கங்கைகொண்டசோழபுரத்தை மறுநாள் காலைல தஞ்சாவூர்லேருந்து போய்ட்டு வர்ற மாதிரி வச்சுட்டு, பெரிய கோயிலை அன்னைக்கு சாயங்காலத்துக்கு தள்ளிருவாரு, ஏன்னா மதியம் அந்தக் கல்லுல வெறுங்கால் வைக்க முடியாது, வயசான கெஸ்ட் பிரகாரத்துல பாதியிலேயே நின்னுருவாங்க. இந்த ஒரு மாத்தத்தை ரெஸ்யூம்ல ரெண்டு வரில எழுதினா போதும், "இடங்களைப் பத்தின அறிவு"ன்னு தனியா ஒரு தலைப்பே வேண்டாம்.

இது எனக்கு எப்படித் தெரியும்னா, கைடா ரெண்டாவது வருஷத்துல மதுரைல மீனாட்சி அம்மன் கோயிலுக்கு ஒரு குரூப்போட பன்னெண்டே முக்காலுக்கு போய் நின்னேன், நடை சாத்தியாச்சு. அவங்களுக்கு மறுநாள் விடியக்காலைல ஃப்ளைட். அன்னைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல சுந்தரேசுவரரை பல்லக்குல பள்ளியறைக்கு கொண்டுபோற பூஜைக்கு கூட்டிட்டுப் போய்தான் அந்த நாளைக் காப்பாத்த முடிஞ்சுது. அதுக்கப்புறம் நான் போடற எல்லா மதுரை ரூட்லயும் அந்தப் பள்ளியறை பூஜை இருக்கும், ரெஸ்யூம்லயும் அதை எழுதினேன், இன்டர்வியூல அதைப் பத்தித்தான் அதிக நேரம் கேட்டாங்க.

இப்போ உங்க வரியை மாத்துவோம். ரெஸ்யூம் இங்கிலீஷ்லதான் போடுவீங்க, விஷயம் புரியறதுக்காக இங்க தமிழ்ல எழுதறேன். "நிறைய குரூப் ஹேண்டில் பண்ணிருக்கேன்"ங்கறதுக்கு பதிலா இப்படி: "சென்னை முதல் மதுரை வரை 7 இரவு, 22 பாக்ஸ் பிரெஞ்சு குரூப், கூடவே அவங்க டூர் லீடர். முழு ரூட்டுக்கும் நானே கைடு. 10 டபுள், 2 சிங்கிள், லீடருக்கு 1, மொத்தம் 13 ரூம், 35 சீட் கோச். சிதம்பரம்-தாராசுரம் நாளின் நேரத்தை மாற்றி அமைத்தேன்." இதைப் படிச்சதும் எனக்கு 22 பேர்னா எத்தனை ரூம், எவ்வளவு பெரிய வண்டி, லீடருக்கு தனி ரூம்னு கணக்கு உங்களுக்கு கைல இருக்குன்னு புரியும். ரூம் கணக்கும் பாக்ஸ் கணக்கும் ஒத்துப்போகாத ரெஸ்யூம் நிறைய வருது, அதுல ஆள் கூடப் போகலைன்னு உடனே தெரியும்.

குரூப் சைஸ்ல இன்னொண்ணு. ரெண்டு பேரோட கார்ல போறதும் 30 பேரோட கோச்ல போறதும் வேற வேற வேலை. ரெண்டையும் கூட்டி "500 பேருக்கு மேல்"னு போடாதீங்க. எத்தனை ட்ரிப் எஃப்ஐடி, எத்தனை ட்ரிப் குரூப், அதுல பெரிசு எத்தனை பேர்னு தனித்தனியா போடுங்க. ரெண்டு மூணு பேரோட மட்டும்தான் போயிருந்தா அதை அப்படியே எழுதுங்க, தம்பதியா வர்றவங்களுக்கு நிதானமா பேசற கைடும் எங்களுக்கு வேணும்.

மொழில அஞ்சுன்னு போட்டா யாரும் நம்பறதில்ல. தமிழ், இங்கிலீஷ், பிரெஞ்சுன்னு வச்சுக்கங்க, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல அந்த மொழில என்ன செஞ்சிருக்கீங்கன்னு எழுதுங்க. பிரெஞ்சுல மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசு முன்னாடி நின்னு அரைமணிநேரம் கதை சொல்லி கேள்விக்கு பதில் சொன்னீங்களா, இல்ல ஓட்டல் செக்-இன்ல உதவற அளவுக்கா? ரெண்டாவதுதான்னா "பேச்சு அளவில்"னு போடுங்க. பி2 மாதிரி தேர்வு எழுதியிருந்தா அதையும் வருஷத்தோட போடுங்க. நாங்க போன்ல அந்த மொழியிலயே ரெண்டு நிமிஷம் பேசிப் பாப்போம், அங்க தடுமாறினா மத்த எல்லா வரி மேலயும் சந்தேகம் வந்துரும்.

புக்கிங் வேலைக்கு, ஒரு ஃபைல்ல எந்தப் பகுதி உங்களோடதுன்னு தெரியணும். குவோட் போட்டீங்களா, ரூம் பிளாக் பண்ணி ரிலீஸ் தேதியைப் பாத்துக்கிட்டீங்களா, வவுச்சர் அனுப்பினீங்களா, ரூமிங் லிஸ்ட் போட்டீங்களா? டிக்கெட்னா அமேடியஸா கலிலியோவா, இல்ல ஏஜென்ட் போர்ட்டல்ல மட்டுமா? சீசன்ல ஒரே நேரத்துல எத்தனை ஃபைல் கைல இருந்துச்சுங்கறது ரொம்ப உபயோகமான நம்பர். ஆனா பழைய கம்பெனியோட நெட் ரேட், கெஸ்ட் பேரு, பாஸ்போர்ட் விவரம் எதுவும் வேண்டாம், அதைப் போடறவங்களை நான் கூப்பிடவே மாட்டேன், நாளைக்கு எங்களோடதையும் வெளில சொல்லுவாங்கன்னு பயம்.

லைசென்ஸ் இருந்தா பேருக்குக் கீழயே போடுங்க, மத்திய சுற்றுலா அமைச்சகத்தோடதா மாநிலத்தோடதா, எந்தத் தேதிவரைக்கும் செல்லும்னு. லைசென்ஸ் இல்லாம குரூப் கூட போயிருந்தா "கைடு"ன்னு எழுதாம "எஸ்கார்ட்"னு எழுதுங்க, அதுவும் மதிப்பான வேலைதான்.

பழைய ட்ரிப் கணக்கு ஞாபகம் இல்லன்னா டிரைவரோட ட்யூட்டி ஸ்லிப், பழைய ரூமிங் லிஸ்ட், வாட்ஸ்அப்ல குரூப்புக்கு அனுப்பின காலை நேரம், இதையெல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து தேடுங்க. நான் அப்படித்தான் மூணு வருஷ ட்ரிப்பை ஒரு எக்செல்ல திரும்ப எடுத்தேன், அதுலேருந்து நல்லா நினைவிருக்கற அஞ்சு ட்ரிப்பை மட்டும் ரெஸ்யூம்ல போட்டேன்.